அறுபத்திரண்டும் நாற்பத்தெட்டும்

விளம்பர ஏஜென்சி நடத்தும் முகமது யாசின் லேப்டாப்பைத் திருப்பி அவர்கள் இருவருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்தது அவருடைய ஆபீஸ். கீழே டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"கம்பெனிக்கு உங்க சேனல் ரொம்பப் புடிச்சிருக்கு சார். சொட்டுநீர்க் குழாய் விக்கிறவங்க, விவசாயிங்க பாக்குற சேனல்தானே வேணும்? ஒரு வருச ஒப்பந்தம். ஆனா ஒரே ஒரு கண்டிசன். ஒரு முகம்தான் இருக்கணும்ங்கிறாங்க. இப்ப உங்க சேனல்ல பாதி சார் பேசுறீங்க, பாதி மேடம் பேசுறாங்க. அது வேண்டாமாம்."

சேவியரும் இளவேனிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'செம்மண் தோட்டம்' சேனலை ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இளவேனில் தோட்டக்கலை படித்தவள். சேவியர் மோட்டார், பைப் சாமான் விற்கும் கடையில் வேலை பார்த்தவன். சேனல் கொஞ்சம் தலையெடுத்ததும் வேலையை விட்டுவிட்டான். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு வேடசந்தூர் முருங்கைக்காடு, ஆயக்குடி கொய்யாத்தோப்பு என்று சுற்றுவான். நாற்பது நொடி, ஐம்பது நொடியில் ஒரு சங்கதியைச் சொல்லி ஷார்ட்ஸ் போடுவான். அவளுக்குக் கைக்குழந்தை. அதனால் வீட்டிலேயே ஒரு மேசை, ஒரு விளக்கு, நோய் விழுந்த கிளை, பூச்சி விழுந்த காய் என்று வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் நீளமாகப் பாடம் மாதிரி எடுப்பாள். எப்போதாவது மாறியும் எடுப்பதுண்டு. இது இருவரும் உட்கார்ந்து முடிவு செய்த ஏற்பாடு அல்ல. வீட்டு நிலைமை அப்படி அமைத்துக் கொடுத்தது.

"யாரு முகம்னு நாங்க எப்படிச் சொல்றது?" என்றான் சேவியர்.

"நீங்க சொல்ல வேணாம் சார். நம்பர் சொல்லும். ஆளுக்குக் கடைசி நூறு வீடியோ எடுத்துக்கிட்டேன். ஒவ்வொரு வீடியோவையும் ஜனங்க சராசரியா எத்தனை சதவீதம் பாத்திருக்காங்கன்னு யூடியூப்பே காட்டுதுல்ல? அதைக் கூட்டி நூறால வகுத்தேன். அவ்வளவுதான். சாருக்கு அறுபத்திரண்டு. மேடத்துக்கு..." யாசின் கொஞ்சம் தயங்கினார். "நாப்பத்தெட்டு."

திரையில் இரண்டு கட்டங்கள். பச்சையில் அறுபத்திரண்டு. சிவப்பில் நாற்பத்தெட்டு.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க விசய ஞானம் வேற. ஆனா சார் பேசினா ஜனங்க உக்காந்து பாக்குறாங்க. நீங்க பேசினா பாதியில எந்திரிச்சுப் போயிடுறாங்க."

இளவேனில் தலையாட்டினாள். சிரிக்கவும் செய்தாள். ஒப்பந்தம் இருவர் பெயரிலும் இருந்தது; இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பைக்கில் திரும்பும்போது பேகம்பூர் தாண்டும்வரை சேவியர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மனசுல வச்சுக்காத இளா. ஸ்கிரிப்ட் எல்லாம் நீதான எழுதப்போற? ஒன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றான். அவன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. அதை அடக்கத்தான் அவ்வளவு நேரம் பேசாமல் வந்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதற்காக அவள் கோபப்படவில்லை. அவளும் அந்த எண்ணை நம்பினாள்.

அதுதான் அவளை அரித்தது. தான் பேசினால் எழுந்து போகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் தன்னுடைய பழைய வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். கொய்யாவில் மாவுப்பூச்சி பற்றியது. நன்றாகத்தான் இருக்கிறது என்று இதுவரை நினைத்திருந்தாள். இப்போது தன் குரல் ஒரே மாதிரி இழுப்பதாகத் தெரிந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் 'பாத்தீங்கன்னா' என்று சொல்வது காதில் விழுந்தது. அடுத்த சில நாட்கள் காய்கறிக்காரரிடம்கூடச் சுருக்கமாகப் பேசினாள். அம்மா போனில், "என்னடி, உன் வீடியோவையே காணோம்?" என்று கேட்டதற்கு, "நான் பேசினா யாரும் பாக்க மாட்டேங்குறாங்கம்மா," என்று சொல்லிவிட்டாள். 

கம்பெனிக்கு நீள வீடியோவும் வேண்டியிருந்தது. குழாயை எப்படிப் பதிப்பது, உரத்தை எப்படிக் கரைத்துவிடுவது என்பதை நாற்பது நொடியில் சொல்லிவிட முடியாது. இளவேனில் எழுதிக் கொடுத்தாள், சேவியர் பேசினான், அவளே எடிட் செய்தாள். கையெழுத்துப் போட்டு ஒரு மாதத்தில் முதல் நான்கு நீள வீடியோக்கள் வெளிவந்திருந்தன; எந்த இடத்தில் ஆட்கள் விட்டுப் போகிறார்கள் என்று பார்ப்பதற்காகச் சேனலின் கணக்குப் பக்கத்தைத் திறந்தாள்.

இருபத்தொன்பது. முப்பத்தொன்று. முப்பது. முப்பது.

அவளுக்குப் புரியவில்லை. அறுபத்திரண்டு எடுக்கிற மனிதர் ஏன் முப்பதில் நிற்கிறார்? எழுத்தில் தப்பா, வெட்டியதில் தப்பா என்று முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தன்னுடைய பழைய நீள வீடியோக்களைத் தேடினாள். மாவுப்பூச்சி வீடியோ, நாற்பத்து மூன்று. முருங்கைக் காய் அழுகல், நாற்பது. கிளைகளை வெட்டிவிடும் கவாத்து, நாற்பத்திரண்டு.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாசின் எடுத்த அதே இருநூறு வீடியோக்களை எடுத்தாள். ஷார்ட்ஸைத் தனியாகவும் நீள வீடியோவைத் தனியாகவும் பிரித்தாள். இவ்வளவுதான் அவள் செய்தது. கூட்டலும் வகுத்தலும் தவிர வேறு ஒன்றுமில்லை.

சேவியர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஏங்க, செத்த நேரம் இதைப் பாருங்க. ஷார்ட்ஸ்ல உங்களுக்கு சராசரி எழுபது. எனக்கு எழுபத்தெட்டு."

"சரி."

"நீளத்துல உங்களுக்கு முப்பது. எனக்கு நாப்பத்தொண்ணு."

"அப்ப?"

"ரெண்டுலயும் எனக்குத்தான் கூட. ஷார்ட்ஸ்லயும் கூட, நீளத்துலயும் கூட."

சேவியர் திரையையே பார்த்தான். "அதெப்படி? யாசின் சார் அறுபத்திரண்டு, நாப்பத்தெட்டுன்னாரே. அவரு பொய் சொன்னாரா?"

"பொய்யில்ல. அவரு கூட்டினதும் சரி, வகுத்ததும் சரி. ஆனா உங்க நூறுல எத்தனை ஷார்ட்ஸ் தெரியுமா? எம்பது. நீளம் வெறும் இருவது. எனக்கு அப்படியே தலைகீழ். ஷார்ட்ஸ் இருவது, நீளம் எம்பது. நாப்பது நொடி வீடியோவ எவனும் பாதியில விடணும்னு நினைக்கிறதுக்குள்ள அது முடிஞ்சிரும். யாரு பேசினாலும் சதவீதம் ஏறித்தான் நிக்கும். இருவது நிமிச வீடியோல யாரு பேசினாலும் இறங்கித்தான் நிக்கும். ரெண்டையும் ஒண்ணாக் கலந்து வகுத்தா, யாரு நல்லாப் பேசுறாங்கன்னா வரும்? யாரு அதிகமா ஷார்ட்ஸ் போட்டாங்கன்னுதான் வரும்."

அவள் கணக்கைப் போட்டே காட்டினாள். அவனுக்கு எண்பதை எழுபதால் பெருக்கினால் ஐயாயிரத்து அறுநூறு. இருபதை முப்பதால் பெருக்கினால் அறுநூறு. கூட்டி நூறால் வகுத்தால் அறுபத்திரண்டு. அவளுக்கு இருபதை எழுபத்தெட்டால் பெருக்கினால் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது. எண்பதை நாற்பத்தொன்றால் பெருக்கினால் மூவாயிரத்து இருநூற்று எண்பது. கூட்டி வகுத்தால் நாற்பத்தெட்டும் சொச்சமும்.

"இப்ப நாம இடம் மாத்திக்கிட்டோம்னு வைங்க. உங்களை மாதிரி நான் எம்பது ஷார்ட்ஸும் இருவது நீளமும் எடுத்திருந்தா எனக்கு எழுவதுக்கு மேல வந்திருக்கும். என்னைய மாதிரி நீங்க இருவதும் எம்பதும் எடுத்திருந்தா உங்களுக்கு முப்பத்தெட்டு."

இதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. அவனைத் தோற்கடித்த சந்தோஷமில்லை அது. தன்னைப் பற்றி ஒரு மாதமாக நம்பிக்கொண்டிருந்தது உண்மையில்லை என்று தெரிந்த சந்தோஷம். அவனும் அதில் சேர்ந்துகொள்வான் என்று எதிர்பார்த்தாள்.

சேவியர் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "எனக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏற மாட்டேங்குது இளா. தல சுத்துது. ரெண்டுலயும் நீ மேல, மொத்தத்துல நான் மேல. அதெப்படி?"

மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை பயறையும் கொண்டைக்கடலையையும் தட்டில் கொட்டி ஷார்ட்ஸ், நீளம் என்று பிரித்து வைத்துக் காட்டினாள். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"சரி, எதுவா இருந்தாலும் யாசின் சார்ட்ட சொல்லிருவோம். நானே போய்ச் சொல்லிட்டு வாரேன். நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்."

இரண்டு நாள் கழித்து வந்து சொன்னான். "சொல்லிட்டேன். அவருக்கும் வருத்தம்தான். கம்பெனி கேக்க மாட்டேங்குதாம். ஒரு வருசம் ஓடட்டும், அடுத்து புதுப்பிக்கும்போது பாத்துக்கலாம்ங்குறாரு."

அவள் நம்பினாள். யாசினுக்குப் போன் செய்ய நினைத்தாள். தன் கணவன் ஏற்கெனவே கேட்டதைத் தானும் போய்க் கேட்டால் அவனை நம்பாத மாதிரி ஆகும் என்று விட்டுவிட்டாள். ஒரு வருடம்தானே. தினமும் எழுதினாள். அவன் தடுக்கி விழுகிற வார்த்தைகளை மாற்றி எழுதினாள். 'அக்கா எங்கே போனாங்க, அவங்க பொறுமையா சொல்லுவாங்களே' என்று வீடியோவுக்குக் கீழே சிலர் எழுதியிருந்ததைப் படித்தாள். சேவியர் அவற்றுக்கெல்லாம் கைகூப்புகிற படத்தைப் பதிலாகப் போட்டிருந்தான்.

வருடம் முடிந்ததும் யாசின் இருவரையும் கூப்பிட்டார். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இளவேனிலும் போனாள். அதே மாடி, அதே மேசை. டீ வந்தது. யாசின் அதைத் தொடவில்லை.

"கம்பெனி யோசிக்கிறாங்க சார். நூறு வீடியோ போட்டிருக்கீங்க. சராசரி அம்பதுதான் வந்திருக்கு. அறுபத்திரண்டுல இருந்தவரு ஒரே வருசத்துல அம்பதுக்கு இறங்கிட்டாரேன்னு கேக்குறாங்க. சாருக்கு ஆர்வம் குறைஞ்சிருச்சான்னு..."

சேவியர் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"சார், அது அப்படியில்ல. நீங்க ரெண்டையும் கலந்து பாக்குறீங்க. தப்பு அங்கதான். ஷார்ட்ஸைத் தனியா, நீளத்தைத் தனியாப் பிரிச்சுப் பாருங்க. முன்னாடியும் எனக்கு ஷார்ட்ஸ்ல எழுபது, இந்த வருசமும் எழுபது. நீளத்துல அப்பவும் முப்பது, இப்பவும் முப்பது. நான் ஒரு இம்மிகூட இறங்கல. முன்னாடி எம்பது ஷார்ட்ஸ், இருவது நீளம். இந்த வருசம் கம்பெனி கேட்டதால அம்பதுக்கு அம்பது. கலவை மாறியிருக்கு, அம்புட்டுத்தான். நாப்பது நொடி வீடியோவ எவனும் பாதியில விடணும்னு நினைக்கிறதுக்குள்ள அது முடிஞ்சிரும் சார். யாரு பேசினாலும் ஏறித்தான் நிக்கும். இருவது நிமிச வீடியோல யாரு பேசினாலும் இறங்கித்தான் நிக்கும்."

தடுமாறாமல், ஒரு இடத்தில்கூட யோசிக்காமல் சொன்னான். எழுதிக் கொடுத்ததைப் பேசும்போதுகூட அவன் இவ்வளவு தெளிவாகப் பேசி இளவேனில் பார்த்ததில்லை. அவள் கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

யாசின் நெற்றியைச் சுருக்கினார். லேப்டாப்பை இழுத்து எதையோ தட்டினார். கொஞ்ச நேரம் அவரே கூட்டிப் பார்த்தார். "அட, ஆமா சார். நீங்க சொல்றது சரிதான். இதை நான் யோசிக்கவே இல்ல." மறுபடி தட்டினார். போன வருடக் கணக்கைத் திறந்தார் போலிருக்கிறது. அவர் விரல் நின்றது.

"அப்படிப் பாத்தா... மேடம், உங்களுக்கு ஷார்ட்ஸ்ல எழுபத்தெட்டு இருந்திருக்கு. நீளத்துல நாப்பத்தொண்ணு. ரெண்டுலயும் நீங்கதான் மேல இருந்திருக்கீங்க." அவர் முகம் சிறுத்துப் போனது. "இது எனக்குத் தெரியாமப் போச்சே மேடம்."

"எங்க வீட்டுக்காரரு முத மாசமே வந்து சொன்னாரே சார்," என்றாள் இளவேனில்.

"யாரு? சாரா?" யாசின் சேவியரைப் பார்த்தார். "எங்கிட்டயா? இல்லையே மேடம். சொல்லியிருந்தா கம்பெனிக்கு அன்னைக்கே எழுதியிருப்பேனே. கையெழுத்தாகி ஒரு மாசம்தானே ஆகியிருக்கும்? மாத்தியிருக்கலாமே."

ஜன்னலுக்கு வெளியே பழனி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. சேவியர் டீ கிளாஸை எடுத்து வாயில் வைத்தான். அதில் டீ இல்லை.

யாசின் நல்ல மனிதர். அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டார், பிரித்துச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சேலத்துப் பக்கம் வேறு ஒரு சேனலோடு பேசி முடித்தாயிற்று என்றார். அதன் சராசரி எழுபத்தொன்றாம். அந்தச் சேனலில் நீள வீடியோ உண்டா என்று யாசின் கேட்டார். அதெல்லாம் பார்க்கவில்லை என்று பதில் வந்தது.

படி இறங்கி வந்து, பைக் நின்ற இடத்தில் இளவேனில் நின்றாள். ஏறவில்லை.

"ஏன் சொல்லல?"

"இங்க வச்சு வேணாம் இளா. வீட்டுல போய்ப் பேசுவோம்."

"மூணு தடவ சொல்லிக் காட்டினேன். தட்டுல கடலையப் பிரிச்சு வச்சு, சின்னப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி. தல சுத்துதுன்னீங்க. முதத் தடவையே புரிஞ்சிருச்சு, இல்ல?"

சேவியர் சாவியைக் கையில் உருட்டினான். செருப்புக்கடைக்காரர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சதும் போய்ச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒன்னையப் போட்டிருப்பாங்க. நான் கடை வேலைய விட்டுட்டு வந்தவன். நீ படிச்சவ, ஒனக்கு இது இல்லாட்டி ஒரு வேலை. எனக்கு? எந்தத் தோப்புக்குப் போனாலும், 'அக்கா வரலையா, நீங்க கேமரா புடிக்கிறவரா'ன்னுதான் கேப்பாங்க. அன்னைக்கு அந்த ஆளு அறுபத்திரண்டுன்னு சொன்னப்பதான் இந்த மூணு வருசத்துல முத தடவையா..." அவன் முடிக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. நான் இருக்கேன், நீங்க பேசுங்கன்னு நானே சொல்லியிருப்பேன்."

"அது எனக்கு வேண்டியதில்ல," என்றான் சேவியர். "நீ விட்டுக்குடுத்து எனக்கு வர வேண்டாம்."

அவன் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது.  அவன் அவளைவிட நன்றாகப் பேச ஆசைப்படவில்லை. அவளைவிட நன்றாகப் பேசுகிறான் என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசைப்பட்டான். அந்த எண் அதைக் காட்டவில்லை என்று தெரிந்த பிறகும் அதை விட மனம் வரவில்லை. அந்த எண்ணை நம்பிய ஒரு மாதமும் அவள் தன் குரலைக் கேட்கவே கூசியதை அவன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அவள் டவுன் பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். சாயங்காலம் வீடு திரும்பினாள். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே சேவியர் வெஞ்சனம் நன்றாக இருக்கிறது என்றான். மறுநாள், "முருங்கைக்கு என்ன எழுதலாம்?" என்று கேட்டான்.

"நான் எழுதல," என்றாள்.

அவன் மன்னிப்புக் கேட்டான். இரண்டு முறை கேட்டான். சேனலில் அவளே இனிப் பேசட்டும், தான் கேமரா பிடிக்கிறேன் என்றும் சொன்னான். அதை அவன் மனதாரச் சொல்லியிருக்கலாம். ஆனால் விளக்கைப் போட்டு மேசை முன்னால் உட்கார்ந்தபோது, கேமராவுக்குப் பின்னால் நின்ற அவன் முகம் அவள் கண்ணில் பட்டது. மாவுப்பூச்சி என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள். அன்றோடு விட்டுவிட்டாள்.

ஆயக்குடியில் கொய்யா நாற்றுப் பண்ணை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் பழனி பஸ்ஸில் போய், நாற்று வாங்க வருகிறவர்களிடம் குழி எவ்வளவு ஆழம், எப்போது கவாத்து என்று சொல்ல வேண்டும். "ஏனுங்க, உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்குதுங்களே," என்று சில பேர் கேட்பார்கள். இல்லை என்பாள்.

சேவியர் சேனலை விடவில்லை. எழுதிக் கொடுக்க ஆள் இல்லாததால் நீள வீடியோவை நிறுத்திவிட்டு ஷார்ட்ஸ் மட்டும் போட்டான். முன்பு இருபது நிமிடம் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சந்தேகம் கேட்டுக் கீழே எழுதுகிறவர்களும் குறைந்துபோனார்கள். மொத்தமாகப் பார்க்கப்படும் நேரம் முன்பு இருந்ததில் கால்வாசிகூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் போனை அவளிடம் நீட்டினான்.

"இங்க பாரு இளா. சேனல் சராசரி எழுபது. ஆரம்பிச்ச நாள்ல இருந்து இவ்வளவு வந்ததே இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரிந்த அளவு அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அவன் கண்ணில் நிஜமான சந்தோஷம் இருந்தது. அவளும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காத்திருந்தான்.

"நல்லதுங்க," என்று சொல்லிவிட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டப் போனாள்.